உள்ளாடையைத் திரும்ப எடுக்க மாட்டோம்: இதை எப்படி எழுத வேண்டும்?

துணிக்கடை பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது.' ஜட்டி, பனியன், பிரா, லிப்ஸ்டிக், முகப்பூச்சு விற்கும் கடைகளில் அதற்குக் கீழே இன்னொரு வரி ரப்பர் ஸ்டாம்பில் விழும்: 'இன்னர் ஐட்டம், காஸ்மெடிக்ஸ் நோ எக்ஸ்சேஞ்ச்.' இரண்டாவது வரியில் நியாயம் இருக்கிறது. முதல் வரியில் உள்ள 'எக்காரணம் கொண்டும்' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால்தான் கல்லாவில் அத்தனை வாக்குவாதமும் நடக்கிறது.

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் இரண்டு வகை. ஒருவருக்குப் பொருள் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை, நிறம் நினைத்த மாதிரி இல்லை. பொருளில் எந்தக் குறையும் கிடையாது. இன்னொருவருக்குப் பொருளிலேயே குறை: தையல் விட்டிருக்கிறது, காலாவதியான தேதி, உள்ளே இருப்பது வேறு சைஸ். இந்தியாவில் முதல் வகையினருக்குச் சட்டம் எந்த உரிமையும் தரவில்லை. மனம் மாறியதற்காகக் கடைக்காரர் பணம் தர வேண்டியதில்லை. தந்தால் அது அவர் கடையின் வழக்கம். இரண்டாவது வகைக்கு உரிமை இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)-ஆம் பிரிவு, முறையற்ற வணிக நடவடிக்கை எவையெவை என்று அடுக்கும்போது, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. அதில் உள்ளாடைக்கு விலக்கு கிடையாது. அழகுப் பொருளுக்கும் கிடையாது.

அதே பிரிவில் கடைக்காரர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் உண்டு. குறையுள்ள பொருளை எத்தனை நாளுக்குள் கொண்டுவர வேண்டும் என்று பில்லிலேயே குறிப்பிடலாம். குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆக, 'எக்காரணம் கொண்டும் இல்லை' என்று அச்சடித்த கடைக்காரர் பில்லில் எந்தக் காலத்தையும் குறிப்பிடவில்லை. குறை என்று வாடிக்கையாளர் வந்தால் அவர் கையில் 30 நாள் இருக்கிறது. 'குறை இருந்தால் 10 நாளுக்குள் பில்லுடன் வரவும்' என்று எழுதியவர் தன் பொறுப்புக்கு ஒரு கெடு வைத்துக்கொண்டார். கடுமையாக எழுதினால் கடைக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப் போகிறது. இப்படி ஒட்டுமொத்தமாக மறுக்கும் வாசகத்தை பில்லில் அச்சடிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 1999-லேயே மாநிலங்களுக்கு எழுதியது. கால் நூற்றாண்டு கடந்தும் அச்சகங்களில் பழைய பில் புத்தகத்தைப் பார்த்து அப்படியே அடித்துக் கொடுக்கிறார்கள், கடைக்காரரும் படிக்காமல் வாங்கி வைத்துக்கொள்கிறார்.

சுகாதாரக் காரணம் வெறும் சாக்கு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளாடை உடம்பில் வியர்வையும் ஈரமும் தங்கும் இடத்தில் ஒட்டிக் கிடப்பது. படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்று துணி வழியாகவும் பரவும். நம் ஊர் வெக்கையில் தொடை இடுக்கில் அது எவ்வளவு எளிதாக வருகிறது என்று தோல் மருத்துவரிடம் போனவர்களுக்குத் தெரியும். ஒருவர் போட்டுப் பார்த்த ஜட்டியை நன்றாகத் துவைத்தால் அபாயம் போய்விடலாம். ஆனால் துவைத்த துணியைப் புதுசு என்று விற்க முடியாது. மடிப்பும் மொடமொடப்பும் போய்விடும். துவைக்காமல் மறுபடி பெட்டியில் வைத்தாலோ அடுத்து வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம் அது. கிரீம், மஸ்காரா இவற்றைத் துவைக்கவும் வழியில்லை. தண்ணீர் கலந்த எந்தக் கிரீமிலும் கிருமி வளர இடமுண்டு. அதைத் தடுக்கத்தான் உள்ளே பதப்படுத்தும் பொருள் சேர்க்கிறார்கள். விரலை விட்டு எடுக்கும்போதெல்லாம் புதிதாகக் கிருமி உள்ளே போகிறது. மஸ்காரா பிரஷ் கண்ணிமையில் பட்டு மறுபடி அதே குழாய்க்குள் போகிறது. திறந்த டப்பாவை இன்னொருவருக்கு விற்பது தவறு என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் இந்தக் காரணம் எதைத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். திரும்பி வந்த பொருளை மறுபடி ஷெல்ஃபில் வைத்து விற்பதைத்தான் தடுக்கிறது. பணம் கொடுத்தவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதை அது தடுக்கவில்லை. தையல் விட்ட ஜட்டியைக் கடைக்காரர் வாங்கி, கத்தரியால் குறுக்கே வெட்டிக் கழித்துவிட்டு, வேறு பீஸ் கொடுக்கலாம். அதனால் யாருடைய உடம்புக்கும் கேடில்லை. சுகாதாரத்தைக் காட்டிக் குறைக்கான பொறுப்பையும் தட்டிக்கழிக்கும் இடம்தான் தப்பு.

எங்கள் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பார்த்தது. ஒரு பெண் தன் கணவருக்கு மூன்று பீஸ் உள்ள ஜட்டி பாக்ஸ் வாங்கிப் போயிருந்தார், 90 சைஸ். மறுநாள் காலையில் பாக்ஸோடு வந்தார். கல்லாவில் இருந்தவர் டப்பாவைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"பாக்ஸ் பிரிச்சாச்சேம்மா. இன்னர் ஐட்டம் நாங்க எடுக்க மாட்டோம். பில்லுலயே போட்டிருக்கு பாருங்க."

"பிரிக்காம எப்படிண்ணே உள்ள பாக்கறது? இந்த ஒரு பீஸ்ல மட்டும் இடுப்புப் பட்டி பிச்சுக்கிட்டு இருக்கு. மத்த ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. இத மட்டும் மாத்திக் குடுங்க போதும்."

அவர் மறுபடி பில்லைக் காட்டினார். பக்கத்தில் ஆண் வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உள்ளாடை விஷயத்தில் பெரும்பாலான புகார்கள் முடிகிற இடம் இதுதான். நாலு பேர் பார்க்க ஜட்டியைக் கையில் விரித்துக் காட்டி வாதாட யாருக்கும் கூச்சமாக இருக்கும். பிராவைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம். கடைக்காரருக்கும் புகார் வந்ததாகவே கணக்கில் ஏறாது. குறையுள்ள பீஸ் எந்த லாட்டில் வந்தது என்று அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

அந்த ஜட்டியில் என்ன பார்த்திருக்க வேண்டும்? உற்பத்திக் குறையும் உபயோகித்த தடமும் வேறு வேறாகத் தெரியும். இடுப்பு எலாஸ்டிக் துணியோடு சேரும் இடத்தில் தையல் ஊசி துணியின் ஓரத்தைப் பிடிக்காமல் தாவிப் போயிருந்தால் அங்கே ஊசி குத்திய துளைகளே இருக்காது, அல்லது துளைகள் துணியின் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். இழுத்துக் கிழித்ததென்றால் துளைகள் ஒழுங்காக இருந்து, நூல் அறுந்த முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், துணியும் அங்கே நெளிந்திருக்கும். பனியன் துணியில் மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோட்டில் மெல்லிய தடம் ஓடினால் அது பின்னல் இயந்திரத்து ஊசியின் கோளாறு. திருப்பூரில் 'நீடில் லைன்' என்பார்கள். சின்ன ஓட்டை, எண்ணெய்க் கறை இவையும் ஃபேக்டரியில் செக்கிங்கில் பிடிபட வேண்டியவை. மறுபுறம், போட்டுப் பார்த்த துணியில் மடிப்புக் கோடு கலைந்திருக்கும், பவுடர் வாசனையோ வியர்வை வாசனையோ இருக்கும், இடுப்புப் பட்டியின் உள்பக்கம் சுருக்கம் விழுந்திருக்கும். அனுபவமுள்ள விற்பனையாளருக்கு இதைப் பார்க்க அரை நிமிஷம் போதும். அந்தப் பெண் கொண்டுவந்த பீஸை யாரும் வெளியே எடுத்தே பார்க்கவில்லை. பில்லின் வாசகம் அந்த வேலையிலிருந்து கல்லாக்காரரை விடுவித்துவிட்டது.

சில கடைகள் கொஞ்சம் யோசித்து, 'துவைக்காமல், உபயோகிக்காமல், டேக் அறுக்காமல் இருந்தால் மட்டும்' என்று எழுதுகின்றன. அளவு மாற்ற வருகிறவருக்கு இது நியாயமான நிபந்தனை. குறைக்கு இதே நிபந்தனையை வைத்தால் சரிவராது. சில குறைகள் துவைத்தால்தான் வெளியே வரும். முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கி மற்ற துணிகளில் ஏறுவது, 90 சைஸ் பனியன் 85 மாதிரி சுருங்குவது, எலாஸ்டிக் தொய்ந்து போவது எல்லாம் கடையில் வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது. துவைத்தாலே உரிமை போய்விடும் என்றால் இந்தக் குறைகளுக்கு யாருமே பொறுப்பில்லை என்றாகிவிடும். ஆகவே 'துவைக்காமல்' என்பது மனம் மாறி வருகிறவருக்கான வாக்கியத்தில் மட்டும் இருக்க வேண்டும்.

சுகாதார விலக்கை எங்கே நிறுத்துவது என்பதில் ஐரோப்பாவில் நல்ல தெளிவு இருக்கிறது. அங்கே ஆன்லைனில் வாங்கியவர் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் பொருளைத் திருப்பித் தரலாம். 2011-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை ஆணை அந்த உரிமையைத் தந்துவிட்டு, சில விலக்குகளையும் வைத்தது. அவற்றில் ஒன்று, சுகாதாரத்தை முன்னிட்டுத் திரும்ப எடுக்க ஏற்றதல்லாத, சீல் வைத்த பொருளின் சீலை வாங்கியவர் உடைத்துவிட்டால் அந்த உரிமை கிடையாது என்பது. அதாவது சுகாதாரப் பொருள் என்ற பெயர் மட்டும் போதாது. பொருளின் மேல் சீல் இருக்க வேண்டும், அது உடைபட்டிருக்க வேண்டும். உரிமை எப்போது போகும் என்பதை வாங்குவதற்கு முன்பே சொல்லியும் இருக்க வேண்டும்.

இதை வைத்து ஒரு மெத்தை வழக்கு லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. ஜெர்மனியில் ஒருவர் 2014-ல் ஆயிரம் யூரோவுக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து ஆன்லைனில் மெத்தை வாங்கினார். பாதுகாப்புக்குச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். பிறகு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். உறையைக் கிழித்தாகிவிட்டது, இது சுகாதாரப் பொருள், ஆகவே பணம் கிடையாது என்றது நிறுவனம். 2019 மார்ச் 27-ஆம் தேதி வந்த தீர்ப்பு வாங்கியவர் பக்கம் நின்றது. ஹோட்டல்களில் ஒரே மெத்தையில் ஒருவர் பின் ஒருவராகப் பலர் படுக்கிறார்கள், பழைய மெத்தைக்குச் சந்தை இருக்கிறது, நன்கு பயன்படுத்திய மெத்தையையும் முறையாகச் சுத்தம் செய்ய முடியும் என்று நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. போட்டுப் பார்த்த துணியோடு மெத்தையை ஒப்பிட்டு, உடம்பில் பட்டாலும் சுத்தம் செய்து மீண்டும் விற்கத் தக்க நிலைக்குக் கொண்டுவரலாம் என்றால் இந்த விலக்கு பொருந்தாது என்றது.

இந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாசகம் எழுதுகிறவருக்கு இது ஒரு நல்ல அளவுகோல். சீல் எதைக் காக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் பாதி சிக்கல் தீரும். பாக்ஸின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் தாள் தூசியைத்தான் தடுக்கிறது. அதைக் கிழித்து அளவு எண்ணைப் பார்ப்பதால் ஜட்டிக்கு ஒன்றும் ஆகாது. நீச்சல் உடையிலும் சில உள்ளாடைகளிலும் இடுக்குப் பகுதியில் ஒட்டியிருக்கும் சுகாதாரப் பட்டை வேறு. அது உரிந்திருந்தால் உடம்பில் பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கிரீம் டப்பாவின் வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளும் அப்படித்தான். ஆகவே 'பேக்கிங் பிரித்தால்' என்று பொதுவாக எழுதாமல் எந்த சீல் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

அழகுப் பொருளில் இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. கிரீம் தடவினேன், முகம் சிவந்து அரிப்பு வந்துவிட்டது என்று ஒருவர் வருகிறார். இது குறையா? எல்லா நேரமும் அல்ல. வாசனைப் பொருளோ பதப்படுத்தும் பொருளோ சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது, பொருள் சரியாகவே இருக்கலாம். பெட்டியில் அந்தப் பொருள் எழுதியிருந்து, கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிச் சோதித்துப் பார்க்கவும் என்ற குறிப்பும் இருந்தால் கடைக்காரர் மறுப்பதில் தவறு சொல்ல முடியாது. பெட்டியில் எழுதாத பொருள் உள்ளே இருந்தாலோ, நிறமோ வாசனையோ கெட்டுப் பிரிந்திருந்தாலோ, 'எல்லாத் தோலுக்கும் ஏற்றது, எரிச்சலே வராது' என்று விளம்பரம் செய்து விற்றிருந்தாலோ கதை மாறும். சட்டத்தில் குறை என்பது பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை ஆகியவற்றில் உள்ள குறை மட்டுமல்ல, விற்பவர் சொன்ன வாக்குக்குப் பொருந்தாமல் போவதும் குறைதான். காலாவதித் தேதி தாண்டியது என்றால் வாதமே இல்லை, டப்பா திறந்திருந்தாலும் பணம் தர வேண்டும். லிப்ஸ்டிக் வாங்குகிறவர் பார்த்த நிறம் ஒன்று, பெட்டியில் அச்சிட்ட நிற எண் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்றாலும் அப்படித்தான். திறந்தால்தானே அது தெரியும்!

ஆன்லைன் விற்பனைக்கு 2020 ஜூலையில் தனி விதிகள் வந்தன. பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் காட்டியதற்கு மாறாக இருந்தாலும், சொன்ன நாளுக்குப் பிறகு வந்தாலும் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் போன்ற கட்டுக்கடங்காத காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு. திரும்பப் பெறும் நிபந்தனைகளை வாங்குமுன்பே காட்டியாக வேண்டும். பொருளின் பக்கத்தில் 'நான் ரிட்டர்னபிள்' என்று ஒரு சின்ன எழுத்து இருந்தால் அது மனம் மாறுகிறவருக்குத்தான் செல்லும். 34 பி கேட்டு 36 பி வந்தவருக்குச் செல்லாது.

இங்கே போட்டோ விஷயம் ஒன்றை விற்பவர்கள் கட்டாயம் எழுத வேண்டும் என்பேன். குறைக்குச் சான்றாகப் படம் அனுப்பச் சொல்கிறார்கள். உள்ளாடை என்றால் பலர், குறிப்பாகப் பெண்கள், அதோடு புகாரை விட்டுவிடுகிறார்கள். 'துணியை மேசையில் விரித்து, குறையுள்ள இடத்தையும் அளவுப் பட்டியையும் மட்டும் படமெடுத்து அனுப்பினால் போதும், அணிந்த நிலையில் படம் கேட்க மாட்டோம்' என்று ஒரு வாக்கியம் இருந்தால் எத்தனையோ பேர் தயங்காமல் அனுப்புவார்கள்.

சரி, ஒரு நடுத்தரக் கடை இதை எப்படி எழுதலாம்? நான் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் இப்படித்தான் எழுதுவேன்:

'ஜட்டி, பனியன், பிரா, பெட்டிகோட், நீச்சல் உடை ஆகியவற்றைச் சுகாதாரம் கருதி, போட்டுப் பார்த்த பிறகு அளவுக்காகவோ நிறத்துக்காகவோ மாற்றித் தர இயலாது. பாக்ஸைப் பிரித்து அளவு மட்டும் பார்த்திருந்தால், சுகாதாரப் பட்டையும் டேக்கும் அப்படியே இருந்தால், 3 நாளுக்குள் வேறு அளவு மாற்றிக்கொள்ளலாம். கிரீம், லிப்ஸ்டிக், மஸ்காரா போன்றவற்றை வாய் சீலை உரித்த பிறகு மாற்றித் தர இயலாது. தையல், துணி, சாயம் ஆகியவற்றில் குறை, காலாவதி, வேறு பொருள் அல்லது வேறு அளவு இருந்தால், சீல் பிரித்திருந்தாலும் துவைத்திருந்தாலும், 15 நாளுக்குள் பில்லுடன் வரவும். வேறு பொருள் தருவோம், அல்லது பணத்தைத் திருப்பித் தருவோம். திரும்ப வந்த உள்ளாடையையும் அழகுப் பொருளையும் மறுபடி விற்க மாட்டோம்.'

இதில் உள்ள நாட்களைக் கடைக்காரர் தன் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். குறைக்கான கெடுவை ஒரு நாள், இரண்டு நாள் என்று சுருக்கினால் மட்டும் அது நியாயமாக இருக்காது. வாங்கிய துணியை ஒரு முறை துவைத்துக் காயப்போடவாவது நேரம் வேண்டும். கடைசி வாக்கியத்தை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். திரும்ப எடுக்கிற கடையில் வாங்கினால் யாரோ போட்டது நமக்கு வந்துவிடுமோ என்ற பயம் வாடிக்கையாளருக்கு உண்டு. அதற்கான பதில் அது.

அடுத்தது, இதை எங்கே எழுதுவது. பில்லில் இருப்பதைப் பணம் கொடுத்த பிறகுதான் படிக்க முடியும். உள்ளாடை ரேக்குக்கு மேலேயும் கல்லாவிலும் கண்ணில் படும் எழுத்தில் தமிழில் வைத்தால்தான் அது நிபந்தனை. எடுத்துக் கொடுக்கும் பெண்ணோ பையனோ வாயாலும் சொல்ல வேண்டும்: "அக்கா, இது போட்டுப் பாத்தா மாத்த முடியாது, அளவு ஒருதடவ சரி பாத்துக்கங்க." பிரா வாங்க வருகிறவருக்கு அளவு நாடாவால் மார்பின் கீழ்ச் சுற்றளவையும் முழுச் சுற்றளவையும் எடுத்துச் சொல்ல ஒரு பெண் ஊழியர் இருந்தால் திரும்பி வருவதே பாதியாகக் குறையும் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். கடைக்கென்று அளவுக்கு ஒரு பீஸ் ஒதுக்கி, சொந்த உள்ளாடையின் மேலேயே போட்டுப் பார்க்க விடுவதும் சில கடைகளில் உண்டு.

வாங்குகிறவர் பக்கத்தில் வேலை கொஞ்சம்தான். பில் வாங்காமல் வரக் கூடாது. பில் தர மறுப்பதும் அதே 2(47)-ஆம் பிரிவில் வரும் தவறு. குறை தெரிந்ததும் அந்தப் பீஸை அப்படியே தனியாக எடுத்து வைத்து, டப்பாவையும் டேக்கையும் பில்லையும் சேர்த்துப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். கடையில் கேட்கும்போது 'மாத்திக் குடுங்க' என்பதற்கு முன் 'இதுல குறை இருக்கு, பாருங்க' என்று சொல்வது நல்லது. அளவு மாற்றக் கேட்கவில்லை என்பது எதிரில் இருப்பவருக்கு உடனே புரிந்துவிடும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம், தமிழிலும் பேசலாம். 300 ரூபாய் ஜட்டி பாக்ஸுக்கு எதற்கு வழக்கு என்று தோன்றலாம். பெரும்பாலும் அந்த அழைப்போடு கடையிலிருந்து பதில் வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. கடை வேறு ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.